"எல்லாரும் எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா யாரு பதில் சொல்றது? பாட்காஸ்ட்டோட முதல் 20 விநாடி பத்தி

திருவிழாக் கூட்டத்துல மைக் அறிவிப்பு கேட்டிருப்பீங்க. "பக்தகோடிப் பெருமக்களே, அனைவரையும் வருக வருகவென வரவேற்கிறோம்"னு சொல்லும்போது ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதே மைக்ல "வாசலை மறிச்சு நிக்கிற வெள்ளைக் காரை உடனே எடுக்கவும்"னு சொல்லட்டும், கார் இல்லாதவங்க கூட திரும்புவாங்க. ரெண்டும் ஒரே குரல், ஒரே ஸ்பீக்கர்தான். முதல் வரியை எந்த ஊர்லயும் எந்த வருஷமும் சொல்லலாம். ரெண்டாவது வரியை அந்த நிமிஷம் அந்த இடத்துல மட்டும்தான் சொல்ல முடியும். காதுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

நம்ம குரூப்ல சில பேர் பாட்காஸ்ட் ஆரம்பிச்சிருக்கீங்க, இன்னும் சில பேர் ஆரம்பிக்கலாமான்னு கேட்டீங்க. மைக் என்ன வாங்கலாம், எந்த ஆப்ல எடிட் பண்ணலாம்ங்கிற கேள்விதான் அதிகம் வருது. நான் கொஞ்ச வருஷமா சில பேரோட நிகழ்ச்சிகளுக்கு எடிட்டிங் பண்ணித் தர்றேன். மைக்கைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம். இன்னிக்கு ஒரே ஒரு விஷயம்: எபிசோட் எப்படித் தொடங்குது, கேக்கிறவரை எப்படி வரவேற்குது.

எங்க சித்தி பையன் ஒரு பாட்காஸ்ட் நடத்துறான். வாரம் ஒரு எபிசோட், 15 நிமிஷம். கையால வேலை செய்றவங்களைத் தேடிப்போய்ப் பேசி, அதைப் பதிவு பண்ணிப் போடுவான். 40 எபிசோட் தாண்டியாச்சு. அவனோட தொடக்கம் எல்லா வாரமும் இதுதான்:

"வணக்கம் நேயர்களே! எல்லாரும் எப்படி இருக்கீங்க? நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். மறுபடியும் இன்னொரு எபிசோட்ல உங்களை எல்லாம் சந்திக்கிறதுல ரொம்ப மகிழ்ச்சி. இன்னிக்கு நாம ஒரு ரொம்ப சுவாரசியமான தலைப்பைப் பத்திப் பேசப்போறோம்."

இதுல தப்பான வார்த்தை ஒண்ணும் இல்லை, மரியாதையாவும் இருக்கு. ஆனா ஆப்பிள், ஸ்பாட்டிஃபை ரெண்டுமே நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு ஒரு கோடு வரைஞ்சு காட்டும், எந்த நிமிஷத்துல எத்தனை பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு. அதைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆரம்பத்துலயே கோடு பள்ளத்துல இறங்கி, ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி மேல ஏறுது. ஒவ்வொரு எபிசோட்லயும் அதே பள்ளம்.

இந்தப் பள்ளத்தைப் படிக்கத் தெரியணும். கோடு இறங்கி அப்படியே கீழயே போனா, ஆளுங்க நிகழ்ச்சியை விட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். இறங்கி மறுபடி ஏறினா, அவங்க போகலை, தாண்டிக் குதிச்சிருக்காங்க. பெரும்பாலான ஆப்ல 15 விநாடியோ 30 விநாடியோ முன்னால தள்ற பட்டன் இருக்கு இல்லையா, அதைத்தான் அமுக்கியிருக்காங்க. வாராவாரம் ஆசையா வர்றவங்கதான் இதைப் பண்றாங்க, ஏன்னா என்ன வரும்னு அவங்களுக்கு மனப்பாடம். நாமதான் வாரத்துக்கு ஒரு தடவை சொல்றோம். ராத்திரி பஸ்ல உக்காந்து அஞ்சு எபிசோட் தொடர்ந்து கேக்கிறவருக்கு ஒரே ராத்திரியில அஞ்சு தடவை "எப்படி இருக்கீங்க?"

தாண்டினா தாண்டட்டும்னு விட முடியாது. பட்டன் கணக்குப் பாத்து நிக்காது. 30 விநாடி தள்ளி எங்க விழுதோ அங்கதான் விழும். இவன் எபிசோட்ல அந்த வாரம் பேசுறவங்க யாரு, எந்த ஊரு, என்ன வேலைன்னு அறிமுகம் பண்றது அதே இடத்துலதான். அவரைத் தெரிஞ்சுக்காமலே அவர் பேச்சுக்குள்ள போய் விழறாங்க. சாப்பாட்டு இடைவேளையை விட்டுக் கொடுத்து இவன்கிட்ட பேசின ஒருத்தர், கேக்கிறவங்களுக்குப் பேரில்லாத குரலாப் போயிடறார்.

இதுக்கு முதல்ல தோணுற மருந்து வார்த்தையை மாத்துறது. "அன்பு நேயர்களே", அடுத்த வாரம் "இனிய நண்பர்களே", அதுக்கடுத்த வாரம் "ஹாய் மக்களே". இது உதவாது. சட்டை மாறுது, ஆள் அதே ஆள். ஒரு வரி புதுசா பழசான்னு பாக்க நான் வெச்சிருக்கிற சோதனை ரொம்பச் சின்னது: இந்த வார முதல் வரியை வெட்டி, போன வார எபிசோட் முன்னால ஒட்டிப் பாருங்க. அங்கயும் பொருந்தினா அது பழைய வரிதான், எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும்.

அதுக்காக எல்லாத்தையும் வாராவாரம் மாத்தணும்னு இல்லை. திரும்பத் திரும்ப வர்ற ஒரு சின்னத் துண்டு வேணும். 23-வது எபிசோட்ல முதல் தடவையா உள்ள வர்றவருக்கு இது என்ன நிகழ்ச்சி, யாரு பேசுறதுன்னு தெரியணும் இல்லையா? ரேடியோ சிலோன்ல 1952-ல ஆரம்பிச்ச பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சியை நடத்தின அமீன் சயானியை எடுத்துக்கோங்க. இந்தியில "சகோதரிகளே, சகோதரர்களே"ன்னு பெண்களை முன்னால வெச்சுக் கூப்பிடுவார். பல வருஷம் அதே அழைப்புதான், ஜனங்களுக்குச் சலிக்கலை. ஏன்னா அது ரெண்டு மூணு வார்த்தை. கூப்பிட்டு முடிச்ச உடனே அந்த வாரத்துப் பாட்டு வரிசைக்குள்ள போயிடுவார். திரும்ப வர்றது சலிப்பு தராது. சரக்கு இல்லாம நீளமாத் திரும்ப வர்றதுதான் சலிப்பு தரும்.

இன்னொரு வழியைக் காட்டினது 2012-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச 'வெல்கம் டு நைட் வேல்'ங்கிற பாட்காஸ்ட். ஜோசப் ஃபிங்க், ஜெஃப்ரி க்ரேனர்னு ரெண்டு பேர் எழுதினது. கற்பனையா ஒரு பாலைவன ஊரு, அந்த ஊரு ரேடியோ மாதிரி நடக்கும். ஒவ்வொரு எபிசோடும் அன்னிக்கு மட்டும் சொல்லக்கூடிய ஒரு விசித்திரமான வரியோட தொடங்கும். அந்த வரி முடிஞ்சதும் நிகழ்ச்சிப் பேர், பிறகு இசை. பேர் ஒரு நாளும் மாறாது, முதல் வரி ஒரு நாளும் திரும்பி வராது. கேக்கிறவங்க தாண்டுறதுக்குப் பதிலா இந்தத் தடவை என்ன வரப்போகுதுன்னு காத்திருப்பாங்க.

நான் தம்பிக்குச் சொன்ன அளவு இதுதான். முதல்ல இந்த வாரத்துக்கு மட்டுமான ஒண்ணு ரெண்டு வரி. பிறகு நிகழ்ச்சிப் பேரு, அவன் பேரு, ஒரே மூச்சுல. பிறகு இன்னிக்கு எங்க போறோம்னு ஒரு வரி. மொத்தம் 20 விநாடிக்குள்ள. தமிழ் வார்த்தைகள் நீளமானதால, நிதானமாப் பேசினா என் கணக்குல விநாடிக்கு ரெண்டு வார்த்தைதான் வருது. அப்படின்னா 35, 40 வார்த்தைக்கு மேல இடமில்லை. நீங்க உங்க வேகத்தை ஒரு தடவை கடிகாரம் வெச்சுப் பாத்துக்கோங்க.

சரி, அந்த ஒண்ணு ரெண்டு வரி எங்கேருந்து வரும்? அவன் உப்பளத்துக்குப் போய்ட்டு வந்த வாரம் நடந்ததைச் சொல்றேன்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல வேலை பாக்குற ஓர் அக்காகிட்ட பேசியிருந்தான். தண்ணியைப் பாத்தியில விட்டு, வெயில்ல காய வெச்சு, உப்பு படிஞ்சதும் வாரி ஒதுக்குற வேலை. நல்ல பதிவு. தொடக்கம் மட்டும் வழக்கம்போல "வணக்கம் நேயர்களே". இதை எடுத்துடு, வேற சொல்லுன்னேன்.

முதல்ல ஒரு பழமொழியோட வந்தான், உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு. உப்பைப் பத்தி யார் பேசினாலும் அவங்க வாயில முதல்ல வர்றது இதுதான். நம்ம வாயில முதல்ல வர்றது கேக்கிறவர் மனசுலயும் முதல்ல வந்துடும், பிறகு அவருக்குக் கேக்க ஒண்ணும் மிச்சம் இல்லை. (வாரம் ஒரு குறளோட தொடங்குறவங்களுக்கும் இது பொருந்தும். முதல் மாசம் அழகா இருக்கும், மூணாவது மாசம் பள்ளிக்கூட பிரேயர் மாதிரி ஆயிடும்.)

ரெண்டாவதா ஒரு கேள்வி: "நீங்க சாப்பிடுற உப்பு எங்கேருந்து வருதுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?" யோசிக்க என்ன இருக்கு, கடல்லேருந்து வருதுன்னு சின்னக் குழந்தையும் சொல்லும். "எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா"ங்கிறது இப்ப பாதி பாட்காஸ்ட்ல, முக்கால்வாசி ரீல்ஸ்ல ஓடுது. "எப்படி இருக்கீங்க"வோட தங்கச்சி அது.

"அண்ணே, அப்ப நான் என்னதான் சொல்றது?"ன்னு கேட்டான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பதிவை ஓட்டு, நீ எங்க 'அப்படியா?'ன்னு கேட்டிருக்கேன்னு பாப்போம்"னேன்.

பேட்டி எடுக்கிறவங்க தங்களுக்குத் தெரியாமலே ஓர் அடையாளம் விட்டுட்டுப் போவாங்க. எதிர்ல இருக்கிறவர் சொன்னது உண்மையிலேயே புதுசா இருந்தா "அப்படியா?", "ஐயோ", "என்னக்கா சொல்றீங்க"ன்னு குரல் மாறும். "ம்ம், ம்ம்"னு போற இடமெல்லாம் அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம். குரல் மாறுற இடத்துல அவன் ஏதோ கத்துக்கிட்டான். அவன் எங்க கத்துக்கிட்டானோ, கேக்கிறவரும் அநேகமா அங்கதான் நிமிர்ந்து உக்காருவார்.

உப்பளப் பதிவுல அப்படி ரெண்டு இடம் இருந்தது. ஒண்ணு, வெள்ளை உப்பு மேல வெயில் பட்டுக் கண்ணு கூசுறதைப் பத்தி. இன்னொண்ணு, மழை. ஊரெல்லாம் மழை வேணும்னு ஏங்கும்போது, உப்பளத்துல மழை வந்தா படிஞ்ச உப்பு கரைஞ்சு, திரும்ப ஆரம்பத்துலேருந்து தொடங்கணும், வடகிழக்குப் பருவமழை வந்துட்டா சீசனே முடிஞ்சுதுன்னு அந்த அக்கா சொல்றாங்க. அங்க இவன் "அட, ஆமால்ல"ங்கிறான். அதுதான் கதவு.

அவன் எழுதின முதல் வடிவம் இது: "வணக்கம். இப்ப உங்க ஊர்ல மழை பெய்யுதா? அப்படின்னா தூத்துக்குடியில ஓர் அக்காவுக்கு இன்னிக்கு வேலை இல்லை." கேக்க நல்லா இருந்தது. ஆனா உண்மை இல்லை. கோயம்புத்தூர்ல ஜூலை மாசம் தூறும்போது தூத்துக்குடியில வெயில் காய்ஞ்சிக்கிட்டு இருக்கும், அந்த அக்கா வேலையிலதான் இருப்பாங்க. முதல் வரி அழகா இருக்கேன்னு சின்னப் பொய்யை உள்ள விட்டா, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் அங்கயே நம்பிக்கையை எடுத்துடுவார். அப்புறம் 15 நிமிஷம் உண்மையே பேசினாலும் சந்தேகத்தோடதான் கேப்பார்.

ரெண்டாவது வடிவத்துல "போன வாரம் நான் சந்திச்ச ஓர் அக்கா"ன்னு வந்தது. பாட்காஸ்ட்டை ஆறு மாசம் கழிச்சும் கேப்பாங்க. அப்ப "போன வாரம்" எந்த வாரம்? "காலை வணக்கம்", "இந்த இனிய ஞாயிற்றுக்கிழமையில்" இதெல்லாம் இதே காரணத்தாலதான் ஒட்டாது. வானொலியில அது சரி, எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கிறாங்க. இங்க ஒருத்தர் ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டு "காலை வணக்கம்" கேப்பார்.

கடைசியா நின்னது இது:

"வணக்கம். உங்க ஊர்ல மழை வந்தா நீங்க குடையைத் தேடுவீங்க. நான் பாத்துட்டு வந்த ஓர் அக்கா ஊர்ல மழை வந்தா, அவங்க செஞ்சு வெச்ச வேலையே கரைஞ்சு போயிடும்."

பிறகு நிகழ்ச்சிப் பேரு, அவன் பேரு. பிறகு "இன்னிக்கு தூத்துக்குடி உப்பளத்துக்குப் போறோம்." கடிகாரம் வெச்சுப் பாத்தோம், 17 விநாடி. போன வாரம் பானை செய்றவரைப் பத்தின எபிசோட் முன்னால இதை ஒட்ட முடியுமா? முடியாது. தாண்டுற பட்டனை அமுக்க நேரம் கிடைக்கிறதுக்குள்ள அந்த அக்கா உள்ள வந்தாச்சு.

இதுல வரவேற்பு எங்கன்னு கேப்பீங்க. "வணக்கம்" அப்படியே இருக்கு பாருங்க. அந்த ஒரு வார்த்தை என்னிக்கும் பழசாகாது, வாசல்ல நின்னு தினமும் சொல்றதுதான். பின்னால வர்ற ஊர்வலம்தான் பழசு. அப்புறம் "உங்க ஊர்ல", "நீங்க" இருக்கு. "நேயர்களே"ங்கிறது ஒரு ரேடியோ முன்னால குடும்பமே உக்காந்து கேட்ட காலத்து வார்த்தை. பாட்காஸ்ட்டை ஒருத்தர் காதுல ஹெட்போன் மாட்டித் தனியாக் கேக்கிறார். அவர்கிட்ட "எல்லாரும் எப்படி இருக்கீங்க?"ன்னா, அவர் பக்கத்துல யாரு இருக்கான்னு தேடணும். தமிழ்ல நமக்கு ஒரு வசதி, "நீங்க"ன்னு சொன்னா மரியாதையான ஒருத்தருக்கும் ஆகும், பல பேருக்கும் ஆகும். அந்த வார்த்தை மட்டும் போதும்.

ஓர் எல்லையும் இருக்கு. பதிவுலயே ரொம்பப் பெரிய இடம், அந்த அக்கா அழுத இடமோ முடிவோ, அதை எடுத்து முன்னால வைக்காதீங்க. வாசல்லயே சாப்பாட்டைப் போட்டா உள்ள வந்து உக்கார வேலை இல்லை. அதே மாதிரி "கடைசியில ஒரு பெரிய ரகசியம் இருக்கு"ன்னு சொல்லி, கடைசியில ஒண்ணும் இல்லைன்னா, அடுத்த வாரம் அவங்களை நீங்க கூப்பிட முடியாது.

எல்லா வாரமும் உப்பளம் மாதிரி பதிவு கிடைக்காது. ஒரு வாரம் தம்பி எங்கயும் போகலை, வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்ற எபிசோட். "அப்படியா?" இல்லவே இல்லை. கடிதங்களைப் புரட்டினதுல ஒருத்தர், திருப்பூர்ல தையல் யூனிட்ல வேலை, ஒரு காதுல மட்டும் ஹெட்போன் போட்டுக் கேக்கிறேன், இன்னொரு காது சூப்பர்வைசருக்குன்னு எழுதியிருந்தார். அவர்கிட்ட சம்மதம் கேட்டு, பேர் சொல்லாம, இப்படி ஆரம்பிச்சோம்: "வணக்கம். ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரு காதால கேக்கிறவருக்கு, இன்னிக்கு கொஞ்சம் சத்தமாவே பேசுறேன்." ஒரே ஒருத்தருக்குச் சொன்ன வணக்கம்தான். அந்த வாரம் வந்த கடிதங்கள்ல வேற மூணு பேர் தாங்க எங்கேருந்து கேக்கிறோம்னு எழுதியிருந்தாங்க, ஒருத்தர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே. அதுக்காகப் பத்துப் பேர் பட்டியலை வரிசையா வாசிச்சா அது கல்யாண வீட்டு மொய் நோட்டு ஆயிடும். ஒருத்தர் போதும்.

இன்னும் ரெண்டு வேலை விஷயம். தொடக்கத்தைக் கடைசியாப் பதிவு பண்ணுங்க. பேச்சு முழுக்க வெட்டி ஒட்டின பிறகுதான் இந்த எபிசோட் எதைப் பத்தினதுன்னு நமக்கே தெரியும். ஆனா வேற நாள், வேற அறையில பதிவு பண்ணினா குரலும் அறைச் சத்தமும் மாறி ஒட்டுப்போட்டது காதுல தெரியும். அதனால உங்க பேச்சுப் பகுதிகளைப் பதிவு பண்ணின அதே அறையில, மின்விசிறியை அணைச்சுட்டு, வாய்க்கும் மைக்குக்கும் அதே ஒரு சாண் தூரத்துல உக்காருங்க. எழுதி வெச்சதை வாசிக்கிறதா இருந்தா பேச்சு மொழியிலயே எழுதுங்க. "சந்திப்பதில் மகிழ்ச்சியடைகிறேன்"னு எழுதி வெச்சுட்டு வாய்ல "மகிழ்ச்சியடையறேன்"னு மாத்தப் பாத்தா நாக்கு நடுவுல தடுக்கும். மூணு தடவை சொல்லிப் பதிவு பண்ணி, ரெண்டாவதையோ மூணாவதையோ எடுங்க, முதல்ல பெரும்பாலும் தொண்டை இறுக்கமா இருக்கும்.

ரெண்டாவது, எல்லா எபிசோட் தொடக்க வரிகளையும் ஒரே இடத்துல எழுதி வையுங்க. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கடைசி ஆறையும் வரிசையா வாய்விட்டு வாசிங்க. வாரம் ஒண்ணாப் பாக்கும்போது தெரியாதது அப்பத் தெரியும். தம்பி நோட்டுல உப்பளத்துக்கு அப்புறம் வந்த வரிகளை வாசிச்சா, நாலு வரி "உங்க ஊர்ல இப்படி, அவங்க ஊர்ல அப்படி"ன்னு அதே தாளத்துல. உப்புக்கு நல்லா வேலை செஞ்ச அச்சை எல்லாத்துக்கும் போட்டுட்டான். ஒவ்வொண்ணையும் ஒட்டிப் பாக்குற சோதனையில தேறும், ஆனா வரிசையாக் கேட்டா புது "எப்படி இருக்கீங்க". அடுத்த எபிசோட் தறி நெசவு. அதுக்கு வார்த்தையே இல்லாம மூணு விநாடி தறிச் சத்தம் மட்டும் விட்டு, அது நின்னதும் "வணக்கம்"னு வெச்சிருக்கான்.

போன வாரம் எபிசோட் வராததுக்கு மன்னிப்பு, ஜலதோஷம், சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டன், இதெல்லாம் எங்க வைக்கிறதுன்னு கேக்காதீங்க. கடைசியில. 15 நிமிஷம் கேட்டு முடிச்சவர்தான் உங்க தொண்டை எப்படி இருக்குன்னு கவலைப்படுவார்.